பெரிய தவறுக்குச் சின்னத் தள்ளு: வகைப்பாட்டில் வர்க்கப் பிழையின் கிரேடியன்ட்

ஆம், இல்லை என்று இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டிய ஒரு மாடல். இரண்டு தரவுகளுக்கும் சரியான விடை 1. முதல் தரவுக்கு மாடல் தரும் நிகழ்தகவு 0.0067. அதாவது, 99.3 சதவீத உறுதியோடு தவறு செய்கிறது. இரண்டாவதற்கு 0.915 தருகிறது, ஏறக்குறைய சரி. பயிற்சியில் எந்தத் தரவு மாடலை அதிகமாகத் திருத்த வேண்டும் என்பதில் யாருக்கும் குழப்பம் இருக்காது. ஆனால் சிக்மாய்டுக்கு மேல் வர்க்கப் பிழையை லாஸாக வைத்தால், இரண்டு தரவுகளும் கொடுக்கிற கிரேடியன்ட் ஒன்றுதான்: சுமார் 0.0066. அதே இடத்தில் கிராஸ்-என்ட்ரபியை வைத்தால் முதலாவதற்கு 0.993, இரண்டாவதற்கு 0.085.

"வகைப்பாட்டுக்கு வர்க்கப் பிழை வேண்டாம், அது ரிக்ரஷனுக்கு" என்று பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் முடித்துவிடும். அது விதி மட்டுமே. காரணம் மேலே உள்ள எண்களில் இருக்கிறது, அதை இரண்டு வரி வகைநுண்கணிதத்தில் பார்த்துவிடலாம்.

மாடலின் கடைசி அடுக்கு தரும் மூல எண்ணை z என்போம். அதுதான் லாஜிட். அதைச் சிக்மாய்டு p என்ற நிகழ்தகவாக மாற்றுகிறது. p-ஐ z-ஆல் வகையிட்டால் கிடைப்பது p(1−p). இதன் உச்ச மதிப்பே 0.25தான், அதுவும் z = 0 ஆக இருக்கும்போது மட்டும். இரு பக்கமும் போகப்போக இது வேகமாகச் சுருங்கும். z = −5 என்றால் 0.0066, z = −10 என்றால் 0.000045.

இப்போது இரண்டு லாஸுகளையும் z வரை பின்னோக்கிக் கொண்டுவருவோம். y என்பது சரியான விடை.

```
வர்க்கப் பிழை:      L = ½(p − y)²
                    dL/dz = (p − y) · p(1 − p)

கிராஸ்-என்ட்ரபி:    L = −[ y·ln p + (1 − y)·ln(1 − p) ]
                    dL/dz = p − y
```

இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் p(1−p) என்ற ஒரே பெருக்கல்தான். கிராஸ்-என்ட்ரபியில் அது எங்கே போனது? y = 1 என்று வைத்துக்கொண்டால், லாஸை p-ஆல் வகையிடும்போது −1/p வருகிறது. p பூஜ்யத்தை நெருங்க நெருங்க இது எல்லையில்லாமல் பெருகும். சிக்மாய்டின் p(1−p) அதே நேரத்தில் சுருங்குகிறது. ஒன்று பெருகும் அளவுக்கு மற்றது சுருங்குவதால் p அடிபட்டுப்போய் −(1−p) மட்டும் மிஞ்சுகிறது. இது தற்செயல் இல்லை. சிக்மாய்டுக்குள் ஓர் அடுக்குக்குறி இருக்கிறது, அதை அவிழ்ப்பது மடக்கை. வர்க்கப் பிழையில் லாஸை p-ஆல் வகையிட்டால் வருவது p − 1, அதன் அளவு ஒருபோதும் 1-ஐத் தாண்டாது. சிக்மாய்டு சுருக்குவதை ஈடுகட்ட அதனிடம் எதுவும் இல்லை.

கையால் சரிபார்க்க விரும்புகிறவர்களுக்கு இது போதும்:

```python
import torch
import torch.nn.functional as F

y = torch.tensor([1.0])
for z0 in (-10.0, -5.0, -2.0, 0.0, 2.0):
    z = torch.tensor([z0], requires_grad=True)
    mse = 0.5 * (torch.sigmoid(z) - y).pow(2).sum()
    bce = F.binary_cross_entropy_with_logits(z, y)
    g1, = torch.autograd.grad(mse, z)
    g2, = torch.autograd.grad(bce, z)
    print(z0, g1.item(), g2.item())
```

வரும் எண்கள், தசமங்களைச் சுருக்கிச் சொன்னால்:

```
   z       வர்க்கப் பிழை    கிராஸ்-என்ட்ரபி
 -10       -0.000045        -0.99995
  -5       -0.0066          -0.9933
  -2       -0.0925          -0.8808
   0       -0.1250          -0.5000
   2       -0.0125          -0.1192
```

வலப்பக்க நிரல் எதிர்பார்த்தபடி இருக்கிறது. தவறு குறையக் குறையக் கிரேடியன்ட்டும் குறைகிறது. இடப்பக்க நிரலோ நடுவில் எழும்பி இரு முனைகளிலும் படுத்துவிடுகிறது. அதன் உச்சம் எங்கே என்று கணக்கிட்டால் p = 1/3, அதாவது z = −0.69. அங்கே அளவு 4/27, சுமார் 0.148. அந்த இடத்தைத் தாண்டித் தவறு இன்னும் மோசமானால் திருத்தும் விசை கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது. லாஸின் வளைவு குழிவிலிருந்து குவிவாக மாறும் இடமும் அதுவே. அதனால்தான் சாதாரண லாஜிஸ்டிக் ரிக்ரஷனில்கூட, வர்க்கப் பிழையை வைத்தால் ஒற்றைக் குழி என்ற உத்தரவாதம் போய்விடுகிறது. கிராஸ்-என்ட்ரபியின் இரண்டாம் வகைக்கெழு p(1−p), அது எங்கும் எதிர்க்குறி ஆகாது.

இந்த வித்தியாசம் எத்தனை அடிகள் என்று பார்த்தால்தான் உறைக்கும். ஒரே தரவு, விடை 1, z = −5-இல் தொடங்கி z-ஐ நேரடியாக நகர்த்துகிறோம், கற்றல் வீதம் 1. கிராஸ்-என்ட்ரபி 6 அடிகளில் பூஜ்யத்தைத் தாண்டிவிடும். வர்க்கப் பிழைக்கு 167 அடிகள் அளவுக்கு ஆகும். தொடக்கம் z = −10 என்றால் 11 அடிகளுக்கு எதிரே 22,000-க்கும் மேல். லாஸில் ½ இல்லாமல் எழுதினால் கிரேடியன்ட் இரட்டிப்பாகி அடிகள் பாதியாகும், அவ்வளவே. மாறிலியால் மாறுகிற சிக்கல் இல்லை இது.

ஆனால் ஒரு மாடல் எப்படி −5-க்குப் போய் உட்காரும்? தொடக்க எடைகளைச் சிறிதாக வைத்தால் z பூஜ்யத்தை ஒட்டித்தானே இருக்கும்? தொடக்கத்தில் இருக்கும், உண்மைதான். மாடல் அங்கே போவது பயிற்சியின் முதல் கட்டத்தில், அதுவும் சரியாகக் கற்றுக்கொண்டே போகிறது. வகைகள் சமமாக இல்லாத தரவில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

கார்டு பரிவர்த்தனைகள் 1,000 என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் மோசடி 10. எந்த மாடலும் முதலில் கற்பது சார்பு எண்ணை, அதாவது பயஸை. எல்லாவற்றுக்கும் 0.01 என்று சொல்லிவிட்டால் இரண்டு லாஸுமே கணிசமாகக் குறையும். அந்த நிலையில் z = ln(0.01/0.99) = −4.6. பயஸ் அங்கே சமநிலைக்கு வந்துவிட்டது. இனி ஏதாவது நடக்க வேண்டுமென்றால் அம்சங்களின் எடைகள் நகர வேண்டும்.

நல்ல அம்சம் ஒன்று இருக்கிறது என்போம். 10 மோசடிகளில் 8-இல் அதன் மதிப்பு 1, மற்ற 990-இல் 20-இல் மட்டும் 1, மீதி எல்லாம் 0. அந்த அம்சத்தின் எடைக்கு வரும் கிரேடியன்ட்டைக் கிராஸ்-என்ட்ரபியில் கூட்டிப் பார்த்தால் 8 × (−0.99) + 20 × 0.01 = −7.72. ஆயிரத்தால் வகுத்தால் −0.0077. வர்க்கப் பிழையில் ஒவ்வொரு உறுப்பும் 0.01 × 0.99-ஆல் பெருக்கப்படுகிறது, ஆகவே −0.000076. திசை ஒன்றே, அளவு நூறில் ஒரு பங்கு. அம்சம் தெளிவாகக் கையைக் காட்டுகிறது, லாஸ் அந்தச் செய்தியை நூறு மடங்கு அமுக்கிவிட்டு அனுப்புகிறது.

திரையில் இது எப்படித் தெரியும் என்பதுதான் ஏமாற்றும் இடம். துல்லியம் 99 சதவீதம் என்று காட்டும். ½ இல்லாத வர்க்கப் பிழை 0.0099 என்று காட்டும். இரண்டு தசமத்துக்குக் கீழே போன லாஸைப் பார்த்து மாடல் நன்றாகப் பயின்றுவிட்டது என்று நினைப்பது எளிது. உண்மையில் 0.0099 என்பது p(1−p) தவிர வேறில்லை, எதையும் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் 0.01 சொன்னாலே வரும் எண் அது. கிராஸ்-என்ட்ரபியில் அதே ஒன்றும் கற்காத நிலையின் லாஸ் 0.056. பயிற்சி தொடங்கும் முன்பே இந்த அடிப்படை எண்ணைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டால் போதும். லாஸ் அந்த எண்ணில் போய் நின்றுவிட்டால், மாடல் விகிதத்தை மட்டும்தான் கற்றிருக்கிறது.

இன்னொரு அறிகுறி வளைவின் வடிவம். மோசடித் தரவுகளின் p மெல்ல ஏறி 1/3-ஐ நெருங்கும்போது வர்க்கப் பிழையின் விசையும் ஏறும். எனவே லாஸ் நெடுநேரம் தரைபோல் தட்டையாக ஓடி, பிறகு திடீரென்று விழும். பத்துச் சுற்றில் முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்து என்று யாராவது விதி வைத்திருந்தால், பயிற்சி அந்தத் தட்டையிலேயே முடிந்துவிடும். பிறகு பழி அம்சங்களின் மேல் விழும்.

கற்றல் வீதத்தை நூறு மடங்கு கூட்டினால் சரியாகிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. அந்தத் தட்டையில் நிற்கும்போது மட்டும் பார்த்தால் சரியாகிவிடும். ஆனால் p(1−p) மாறிலி இல்லை. p = 1/3-ஐ எட்டும்போது அது 0.22 ஆகிவிடுகிறது. தட்டைக்காக நூறு மடங்கு கூட்டிய வீதம் இப்போது கிராஸ்-என்ட்ரபியைவிட 22 மடங்கு பெரிய அடியாக விழும். பொதுவான எடைகள் தாறுமாறாகப் பாய்ந்து, வேறு தரவுகளை மறுமுனையில் இன்னொரு தட்டையில் கொண்டுபோய் நிறுத்தும். ஆடம் போன்ற முறைகள் ஓரளவு மறைக்கும். அவை ஒவ்வொரு எடைக்கும் அடியின் அளவைச் சரிசெய்கின்றன. ஆனால் ஒரே தொகுப்பில் எந்தத் தரவின் குரல் ஓங்குகிறது என்பதை அவை தொடுவதில்லை. அரைகுறையாகச் சரியானவை சத்தம் போட, முற்றிலும் தவறானவை ஒதுங்கி நிற்பது அப்படியே இருக்கும்.

1980-களில் நரம்பு வலைகளைப் பின்பரவல் முறையில் பயிற்றுவித்தவர்கள் இந்தத் தட்டையில் நேரடியாக மோதினார்கள், ஏனென்றால் 1986-இல் ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் வெளியிட்ட கட்டுரையின் லாஸ் வர்க்கப் பிழைதான். 1988-இல் ஸ்காட் ஃபால்மன் ஒரு முரட்டு ஒட்டு போட்டார். சிக்மாய்டின் வகைக்கெழு p(1−p) வரும் இடத்தில் p(1−p) + 0.1 என்று எழுதினார், அவ்வளவுதான். பயிற்சி கணிசமாக வேகம் பிடித்தது. வெளியீட்டு அடுக்கில் இதை விரித்துப் பாருங்கள்: (p − y)·p(1−p) + 0.1·(p − y). இரண்டாவது உறுப்பு கிராஸ்-என்ட்ரபியின் கிரேடியன்ட், பத்தில் ஒரு பங்கு. கணக்குப்படி சரியில்லாத ஒட்டு என்று தோன்றியது, அங்கே வர்க்கப் பிழையோடு கொஞ்சம் கிராஸ்-என்ட்ரபியைக் கலந்ததற்குச் சமம். z = −5-இல் கிரேடியன்ட் 0.0066-இலிருந்து 0.106-க்கு ஏறுகிறது.

வகைகள் இரண்டுக்கு மேல் போய்ச் சாஃப்ட்மேக்ஸ் வரும்போது இன்னும் விநோதமான ஒன்று நடக்கிறது. மூன்று வகைகள், சரியான விடை முதலாவது. மாடல் தருவது (0.01, 0.98, 0.01). கிராஸ்-என்ட்ரபியின் கிரேடியன்ட் இங்கேயும் p − y: (−0.99, 0.98, 0.01). முதல் லாஜிட்டை ஏற்று, இரண்டாவதை நன்றாக இறக்கு, மூன்றாவதைச் சற்றே இறக்கு என்கிறது. சொல்ல வேண்டியதைச் சொல்கிறது.

வர்க்கப் பிழைக்கு, e = p − y என்று வைத்தால், ஒவ்வொரு லாஜிட்டின் கிரேடியன்ட்:

```
dL/dz_i = p_i · ( e_i − Σ p_k·e_k )
```

நம் எண்களில் Σ p·e = −0.0099 + 0.9604 + 0.0001 = 0.9506. அதைப் போட்டால் முதல் லாஜிட்டுக்கு 0.01 × (−0.99 − 0.9506) = −0.0194, இரண்டாவதற்கு 0.98 × (0.98 − 0.9506) = 0.0288, மூன்றாவதற்கு 0.01 × (0.01 − 0.9506) = −0.0094. முதல் லாஜிட்டில் அளவு சுமார் ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கியது எதிர்பார்த்ததே. மூன்றாவது எண்ணின் குறியைப் பாருங்கள். அது எதிர்க்குறி, அதாவது மூன்றாவது லாஜிட்டும் ஏற்றப்படுகிறது. மூன்றாவது வகை தவறான விடை. இருந்தாலும் இரண்டாவது வகையிடமிருந்து நிகழ்தகவைப் பிடுங்கி எங்காவது பரப்பினால் வர்க்கங்களின் கூட்டல் குறையும் என்பதால், இந்த லாஸ் தவறான ஒரு வகையையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறது.

வகைகளின் எண்ணிக்கை கூடினால் சிக்கல் முதல் அடியிலேயே தொடங்கும். இமேஜ்நெட் போட்டியைப்போல 1,000 வகைகள் என்றால், பயிற்சி தொடங்கும்போது ஒவ்வொன்றுக்கும் p சுமார் 0.001. சரியான வகையின் லாஜிட்டுக்குக் கிராஸ்-என்ட்ரபி தருவது −0.999. வர்க்கப் பிழை தருவது சுமார் −0.001. போதாததற்குப் பைடார்ச்சின் `nn.MSELoss` இயல்பாக வகைகளின் எண்ணிக்கையாலும் வகுத்துச் சராசரி எடுக்கும், அதில் ½ இல்லாததால் இரட்டிப்பான பிறகும் கைக்கு வருவது −0.000002. எந்தத் தரவும் உறுதியாகத் தவறும் முன்பே மாடல் தட்டையில் பிறக்கிறது.

கிராஸ்-என்ட்ரபிக்கு மாறிவிட்டால் தப்பித்துவிட்டோம் என்றும் இருந்துவிட முடியாது. அடிபட்டுப்போன அந்தப் பெருக்கலைப் பின்வாசல் வழியாகத் திரும்பக் கொண்டுவரும் பழக்கங்கள் உண்டு. மிகச் சாதாரணமானது, மாடலின் கடைசியில் சாஃப்ட்மேக்ஸ் வைத்துவிட்டு, அதன் வெளியீட்டை `nn.CrossEntropyLoss`-க்குக் கொடுப்பது. அந்த லாஸ் எதிர்பார்ப்பது லாஜிட்டை. சாஃப்ட்மேக்ஸை அதுவே உள்ளே செய்துகொள்ளும். இப்போது சாஃப்ட்மேக்ஸ் இரண்டு முறை நடக்கிறது. மடக்கை வெளியே உள்ளதை மட்டும் அவிழ்க்கும், உள்ளே உள்ளதன் p(1−p) அப்படியே கிரேடியன்ட்டில் தங்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, பயிற்சியும் ஓடும். கண்டுபிடிக்க ஓர் எண் இருக்கிறது. 10 வகைகள் என்றால், விடையை முழு உறுதியோடு சரியாகச் சொன்னாலும் லாஸ் ln(1 + 9/e) = 1.461-க்குக் கீழே இறங்காது. லாஸ் 1.46-ஐ ஒட்டி வந்து நிற்பதைப் பார்த்தால், கடைசி அடுக்கைப் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று, சிக்மாய்டைத் தனியாகக் கணக்கிட்டு `nn.BCELoss`-க்கு அனுப்புவது. கணக்குப்படி சரியானதுதான், 32 பிட் எண்களில்தான் இடறுகிறது. z = 18 ஆனாலே சிக்மாய்டு முழு 1 என்று உருண்டுவிடும். விடை 0 என்றால் ln(1−p) முடிவிலிக்குப் போக வேண்டும். பைடார்ச் மடக்கையை −100-இல் பிடித்து நிறுத்துகிறது, சிக்மாய்டின் வகைக்கெழு 1 × 0 = 0 ஆகிறது. லாஸ் 100 என்று அலறும், கிரேடியன்ட் பூஜ்யம். `nn.BCEWithLogitsLoss` லாஜிட்டையே வாங்கிக்கொண்டு p − y-ஐ நேரே கணக்கிடுவதால் இந்தத் தொல்லை அதில் இல்லை.

இவ்வளவு சொன்னாலும் குற்றம் வர்க்கத்தின் மேல் இல்லை, வர்க்கமும் சிக்மாய்டும் சேர்ந்த ஜோடியின் மேல்தான். நிகழ்தகவுகளின் மேல் வர்க்கப் பிழை என்பது வானிலைக் கணிப்புகளை மதிப்பிட 1950-இல் கிளென் பிரையர் முன்வைத்த அளவுகோலே. உண்மையான நிகழ்தகவைச் சொன்னால்தான் அது குறைந்தபட்சத்தை எட்டும். பயிற்சி முடிந்த மாடலை அளக்க இன்றும் நல்ல கருவி. அந்தக் குறைந்தபட்சத்துக்குக் கிரேடியன்ட்டைப் பிடித்துக்கொண்டு நடந்து போவதுதான் கடினம்.

சிக்மாய்டையும் சாஃப்ட்மேக்ஸையும் எடுத்துவிட்டு, லாஜிட்டின் மேலேயே வர்க்கப் பிழையை வைத்தால் கிரேடியன்ட் z − y. சுருக்கும் பெருக்கல் இல்லை, தட்டையும் இல்லை. 2020-இல் லைக் ஹுய், மிகைல் பெல்கின் இருவரும் மொழி, பேச்சு, படம் எனப் பல பணிகளில் இப்படிப் பயிற்றுவித்துப் பார்த்து, கிராஸ்-என்ட்ரபிக்கு ஈடாகவே வருகிறது, சில இடங்களில் மேலாகவும் வருகிறது என்று காட்டினார்கள். வகைகள் அதிகமானபோது சரியான வகையின் உறுப்புக்கு எடை கூட்ட வேண்டியிருந்தது. இதற்கும் விலை உண்டு: விடை 1 இருக்க z = 4 என்று மாடல் தெளிவாகச் சொன்னால், 3 அளவு விசையோடு அதைப் பின்னுக்கு இழுக்கும். மிகவும் சரியாக இருப்பதும் இந்த லாஸுக்குப் பிழைதான்.

கிராஸ்-என்ட்ரபி தோற்கும் இடம் தவறான லேபிள்கள். மோசடி என்று தப்பாகக் குறிக்கப்பட்ட ஒரு நல்ல பரிவர்த்தனைக்கு மாடல் 0.0067 என்று சரியாகச் சொன்னாலும், அந்தத் தரவு ஒவ்வொரு சுற்றிலும் 0.993 விசையோடு மாடலைத் தவறான பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். முழு அளவு விசை, கடைசிவரை. வர்க்கப் பிழை அதே தரவை 0.0066 என்று ஓரங்கட்டிவிடும். லேபிள் பிழை இருக்கும் என்று சந்தேகம் இருந்தால், சில சுற்றுகளுக்குப் பிறகும் ஒவ்வொரு தரவின் |p − y| 0.95-க்கு மேல் நிற்கிறதா என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். அந்தப் பட்டியலின் தலைப்பக்கத்தில் இருப்பவை இரண்டே வகை: மாடலால் கற்க முடியாத உண்மையான மோசடிகள், அல்லது யாரோ மாற்றிக் குறித்துவிட்டவை. எது எது என்று கிரேடியன்ட் சொல்லாது, ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.